முற்றுரிமை விலை எப்படி முடிவாகிறது, அதில் யார் விடுபடுகிறார்கள்: ஒரு மருந்தை வைத்து முழு வழிகாட்டி

சொராஃபெனிப் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. முற்றிய கல்லீரல் புற்றுநோய்க்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் கொடுக்கிறார்கள். நோயைக் குணப்படுத்தாது, சில மாதங்கள் கூடுதலாக வாழ வைக்கும். பேயர் நிறுவனம் இதை நெக்ஸாவர் என்ற பெயரில் விற்றது. 2008-இல் இந்தியக் காப்புரிமையும் வாங்கியது. ஒரு மாதத்துக்கு 120 மாத்திரை, விலை 2,80,428 ரூபாய். அதே மருந்தைச் சுமார் 8,800 ரூபாய்க்குத் தர முடியும் என்று ஹைதராபாத்தின் நாட்கோ நிறுவனம் காப்புரிமை அலுவலகத்தில் மனு போட்டது. 2012 மார்ச்சில் அதற்கு உரிமம் கிடைத்தது. அந்த உத்தரவில் ஒரு கணக்கு வருகிறது: மருந்து தேவைப்பட்ட நோயாளிகளில் 2 சதவீதத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு மட்டுமே பேயரின் மருந்து போய்ச் சேர்ந்திருந்தது.

பேராசை என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாது. விலையை 20,000-க்கு இறக்கினால் பல மடங்கு பேர் வாங்குவார்கள், ஒவ்வொருவரிடமும் லாபம் உண்டு. பேராசைக்காரர் அந்தப் பணத்தை ஏன் விட வேண்டும்? இதற்கு விடை இறுதிநிலை வருவாயில், அதாவது இன்னும் ஒருவருக்கு விற்பதால் கூடும் வருவாயில் இருக்கிறது. அதைக் கையால் கணக்குப் போட்டுப் பார்த்தால், விடுபட்ட அந்த 98 சதவீதம் பேர் எங்கே காணாமல் போனார்கள் என்பதும் தெரியும். நடந்திருக்க வேண்டிய விற்பனை நடக்காததால் யாருக்கும் கிடைக்காமல் போகும் பயன்தான் டெட்வெயிட் இழப்பு. பாடப்புத்தகத்தில் சின்ன முக்கோணமாக வரைந்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். இங்கே அந்த முக்கோணத்திடம் கொஞ்சம் நேரம் நிற்போம்.

முதல் படி: தேவையையும் செலவையும் எழுதிக்கொள்வது

நிஜ மருந்தின் தேவைக்கோடு நம் கையில் இல்லை. அதனால் எண்கள் சுலபமாக வரும்படி ஒரு கற்பனை மருந்தை எடுத்துக்கொள்வோம். ஒரு நிறுவனத்திடம் மட்டும் காப்புரிமை இருக்கிறது, விற்பவர் அது ஒன்றுதான்; முற்றுரிமையாளர் என்பது இதைத்தான். ஒரு மாத மருந்துக்கு விலை P ரூபாய், வாங்குபவர் எண்ணிக்கை Q. தேவை இப்படி:

```
P = 10000 - 10Q
```

இதைப் படிக்கும் விதம் முக்கியம். நோயாளிகளை, அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்ற வரிசையில் நிறுத்தியிருக்கிறோம். வரிசையின் முன்னால் நிற்பவர் கிட்டத்தட்ட 10,000 கொடுப்பார். நூறாவது ஆள் 9,000 கொடுப்பார், ஐந்நூறாவது ஆள் 5,000. தேவைக்கோட்டின் உயரம் என்பது அந்த இடத்தில் நிற்கும் மனிதரின் அதிகபட்ச விலை. பின்னால் டெட்வெயிட் இழப்பைக் கணக்கிடும்போது இந்த வாசிப்புதான் கை கொடுக்கும். அதனால் இதை மனதில் நன்றாகப் பதித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு நோயாளிக்கான மருந்தைத் தயாரித்துக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆகும் செலவு, அதாவது இறுதிநிலைச் செலவு, 2,000 ரூபாய். எத்தனை பேருக்குத் தயாரித்தாலும் இது மாறாது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரைகளைப் பொறுத்தவரை இது அவ்வளவு தவறான அனுமானம் இல்லை.

இரண்டாம் படி: இறுதிநிலை வருவாயைக் கையால் போட்டுப் பார்ப்பது

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். அதனால் சூத்திரம் அப்புறம், முதலில் கணக்கு.

நிறுவனம் இப்போது 200 பேருக்கு விற்கிறது, விலை 8,000. வருவாய் 16,00,000. இருநூற்றியோராவது ஆளையும் சேர்க்க வேண்டுமானால் விலை 7,990 ஆக வேண்டும். ஆனால் அவருக்கு மட்டும் 7,990 என்று சொல்ல முடியாது, கடையில் எல்லாருக்கும் ஒரே விலை. ஆக 201 பேரும் 7,990 கொடுக்கிறார்கள், வருவாய் 16,05,990. கூடுதலாக வந்தது 5,990 மட்டும்.

புதிய ஆள் 7,990 கொடுத்தார், கல்லாவில் ஏறியது 5,990. மீதி 2,000 எங்கே? ஏற்கெனவே 8,000 கொடுத்துக்கொண்டிருந்த 200 பேருக்கும் தலா 10 ரூபாய் குறைந்துவிட்டது. அதுதான் அந்த 2,000. இறுதிநிலை வருவாய் எப்போதும் இந்த இரண்டின் கூட்டல் கழித்தல்தான்: புதியவர் கொண்டுவரும் விலை, அதிலிருந்து பழையவர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

இப்போது இன்னும் கீழே போவோம். 300 பேரிலிருந்து 301-க்குப் போனால் வருவாய் 21,00,000-இலிருந்து 21,03,990 ஆகிறது, கூடுதல் 3,990. அந்த 301-ஆவது ஆள் கொடுத்தது 6,990. வித்தியாசம் 3,000 ஆகிவிட்டது, ஏனென்றால் பழையவர்கள் இப்போது 300 பேர். 500-இலிருந்து 501-க்குப் போகும்போது 25,00,000 என்பது 24,99,990 ஆகிறது. புதியவர் 4,990 ரூபாய் கொண்டுவந்தும் மொத்த வருவாய் 10 ரூபாய் குறைகிறது!

போட்டியுள்ள சந்தையில் ஒரு சின்ன உற்பத்தியாளருக்கு இந்தத் தலைவலி இல்லை. அவர் இன்னும் ஒரு பெட்டி விற்றால் சந்தை விலை அசையாது, அதனால் விலையும் இறுதிநிலை வருவாயும் ஒன்று. விலையைத் தன் கையில் வைத்திருப்பவருக்கு மட்டுமே ஒவ்வொரு புதிய வாடிக்கையாளரும் பழையவர்கள் வழியாக ஒரு செலவைக் கூட்டிக்கொண்டு வருகிறார். முன்னே கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே: விலையை இறக்கினால் புதியவர்களிடம் கிடைக்கும் லாபம், பழையவர்களிடம் இழப்பதை ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டாவிட்டால் வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும் விலை இறங்காது.

இப்போது சூத்திரம். வருவாய் P × Q, அதாவது 10000Q − 10Q². இதை வகையிட்டால் இறுதிநிலை வருவாய், சுருக்கமாக MR:

```
MR = 10000 - 20Q
```

தேவை நேர்கோடாக இருந்தால் இறுதிநிலை வருவாய் அதே உச்சியில் தொடங்கி இரண்டு மடங்கு சரிவில் இறங்கும். தேவை வளைகோடாக இருந்தால் இந்த இரட்டிப்பு விதி செல்லாது. அதைப் பழக்கதோஷத்தில் எல்லா இடத்திலும் போட்டுவிடக் கூடாது.

மூன்றாம் படி: முதலில் எண்ணிக்கை, பிறகு விலை

இன்னொருவருக்கு விற்பதால் வருவது, அதற்கான செலவைவிட அதிகமாக இருக்கும்வரை விற்றுக்கொண்டே போகலாம். நானூறாவது ஆளைச் சேர்த்தால் வருவாய் 23,97,990-இலிருந்து 24,00,000 ஆகிறது, கூடுதல் 2,010. செலவு 2,000. பத்து ரூபாய் லாபம், சேர்க்கலாம். நானூற்றியோராவது ஆளைச் சேர்த்தால் கூடுதல் 1,990, செலவு 2,000. பத்து ரூபாய் நஷ்டம், வேண்டாம். சூத்திரத்திலும் 10000 − 20Q = 2000 என்று போட்டால் Q = 400 வரும்.

400 பேர் என்பது முடிவாகிவிட்டது. விலை எவ்வளவு? இங்கே பல விடைத்தாள்களில் 2,000 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். இரண்டு கோடுகளும் வெட்டும் புள்ளியின் உயரத்தை அப்படியே விலை என்று எடுத்துக்கொள்வதால் வரும் பிழை இது. அந்தப் புள்ளி எத்தனை பேர் என்பதை மட்டும்தான் சொல்கிறது. அந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு மேலே தேவைக்கோட்டுக்குப் போக வேண்டும்: 10000 − 10 × 400 = 6,000. பிழையைக் கண்டுபிடிப்பது சுலபம். உங்கள் விடையில் முற்றுரிமையாளரின் விலை இறுதிநிலைச் செலவுக்குச் சமமாக வந்திருந்தால், அவருக்கு ஒரு பைசா லாபமும் இல்லை என்று அர்த்தம். அப்படி வந்தால் எங்கோ தப்பு.

ஆக விலை 6,000, தலைக்கு லாபம் 4,000, மொத்தம் 16,00,000. ஆராய்ச்சிச் செலவை இன்னும் கழிக்கவில்லை.

அந்த ஆராய்ச்சிச் செலவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மருந்து விலை விவாதங்களில் அடிக்கடி குழம்பும் இடம் இது. "கோடிக்கணக்கில் ஆராய்ச்சிக்குச் செலவானது, அதனால்தான் விலை அதிகம்" என்பார்கள். நம் கணக்கில் ஆராய்ச்சிக்கு 5 லட்சம் ஆனது என்று வைத்துப் பாருங்கள், அப்புறம் 15 லட்சம் என்று வைத்துப் பாருங்கள். இரண்டு முறையும் லாபம் உச்சமாவது 400 பேர், 6,000 ரூபாயில்தான். எத்தனை பேருக்கு விற்றாலும் மாறாத செலவு, அடுத்த ஆளைச் சேர்ப்பதா என்ற கணக்கில் நுழையவே நுழையாது. மருந்தைக் கண்டுபிடிக்கும் முயற்சியில் இறங்குவதா வேண்டாமா என்பதை ஆராய்ச்சிச் செலவு தீர்மானிக்கும். கண்டுபிடித்த பிறகு விலையைத் தீர்மானிப்பது தேவையும் இறுதிநிலைச் செலவும்தான். மூலப்பொருள் விலையேறி இறுதிநிலைச் செலவு 3,000 ஆனால் நிலைமை வேறு: 350 பேர், விலை 6,500. அங்கேகூட 1,000 ரூபாய் செலவு ஏறினால் விலை 500 மட்டுமே ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

நான்காம் படி: யாருக்கு எவ்வளவு, யாருக்கும் இல்லாதது எவ்வளவு

இப்போது ஒப்பிட வேண்டும். பல நிறுவனங்கள் அதே மருந்தைத் தயாரித்துப் போட்டி போட்டால் விலை 2,000-க்கு இறங்கும், 800 பேர் வாங்குவார்கள். ஒவ்வொருவரும் தான் கொடுக்கத் தயாராக இருந்ததற்கும் கொடுத்ததற்கும் இடையில் மிச்சம் பிடிக்கிறார், அதுதான் நுகர்வோர் உபரி. மொத்தம் அரை × 800 × 8,000, அதாவது 32 லட்சம்.

முற்றுரிமையில் அந்த 32 லட்சம் மூன்றாக உடைகிறது. முதல் 400 பேரிடம் மிஞ்சும் உபரி அரை × 400 × 4,000, அதாவது 8 லட்சம். நிறுவனத்துக்குப் போகும் லாபம் 400 × 4,000, அதாவது 16 லட்சம். இரண்டையும் கூட்டினால் 24 லட்சம்தான் வருகிறது. மீதி 8 லட்சம் யாரிடமும் இல்லை.

அந்த 8 லட்சம் வரிசையில் 401-இலிருந்து 800 வரை நிற்பவர்களுடையது. அவர்களில் ஒருவரை அருகில் போய்ப் பார்ப்போம். அறுநூறாவதாக நிற்பவர் 4,000 ரூபாய் கொடுப்பார். அவருக்கான மருந்தைத் தயாரிக்க 2,000 போதும். இரண்டுக்கும் நடுவில் எந்த விலையில் விற்றாலும் அவருக்கும் லாபம், நிறுவனத்துக்கும் லாபம். ஆனாலும் விற்பனை நடக்கவில்லை, ஏனென்றால் அவருக்காக விலையை இறக்கினால் முன்னால் நிற்பவர்களுக்கும் இறக்க வேண்டும். கிடைத்திருக்க வேண்டிய 2,000 ரூபாய்ப் பயன் காற்றில் போகிறது. 401-ஆவது ஆளிடம் கிட்டத்தட்ட 4,000, 800-ஆவது ஆளிடம் பூஜ்யம், இப்படி 400 பேருக்கும் கூட்டினால் அரை × 400 × 4,000. எட்டு லட்சம்.

நிறுவனம் அடிக்கும் 16 லட்சம் லாபத்தை டெட்வெயிட் இழப்பில் சேர்த்துவிடக் கூடாது. அது நோயாளியின் பையிலிருந்து நிறுவனத்தின் பைக்குப் போன பணம். நியாயமா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஆனால் அது அழிந்துபோகவில்லை. மருந்து விலையைப் பற்றிக் கோபப்படும்போது நாம் பெரும்பாலும் 6,000 கொடுத்து வாங்கியவருக்காகத்தான் கோபப்படுகிறோம். அவர் கையில் ரசீது இருக்கிறது, பத்திரிகையில் பேட்டி கொடுக்கலாம். வாங்காமல் திரும்பிப் போனவர் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. முற்றுரிமையின் பெரிய பாதிப்பு அவருக்குத்தான் என்பது என் கருத்து.

வரைபடத்தில் இந்த முக்கோணத்தைச் சரியாக அடையாளம் காண மூன்று முனைகளைப் பாருங்கள்: முற்றுரிமை எண்ணிக்கையில் தேவைக்கோட்டின் மேல் ஒன்று (400, 6,000), அதற்கு நேர் கீழே செலவுக்கோட்டில் ஒன்று (400, 2,000), தேவையும் செலவும் வெட்டும் இடத்தில் ஒன்று (800, 2,000). இறுதிநிலை வருவாய்க் கோடு இந்த முக்கோணத்தின் எந்தப் பக்கமும் இல்லை. எண்ணிக்கையைக் கண்டுபிடித்ததோடு அதன் வேலை முடிந்தது.

ஐந்தாம் படி: வரிசை நேர்கோடாக இல்லாதபோது

நம் கற்பனை மருந்தில் வாங்கியிருக்க வேண்டிய 800 பேரில் 400 பேர், அதாவது சரிபாதி, மருந்து பெற்றார்கள். நேர்கோட்டுத் தேவையும் மாறாத செலவும் இருந்தால் எப்போதும் பாதிதான் வரும். அப்படியானால் நெக்ஸாவரில் 2 சதவீதம் எப்படி வந்தது?

நேர்கோடு என்பது நோயாளிகளின் கொடுக்கும் சக்தி சீராகக் குறைந்துகொண்டே போகிறது என்ற அனுமானம். நம் நாட்டில் அப்படி இல்லை. முன்னால் ஒரு சிலர் மிக உயரத்தில், அப்புறம் ஒரு பெரிய பள்ளம், பிறகு பெருங்கூட்டம். இதையும் எண்ணில் வைத்துப் பார்ப்போம். 1,000 நோயாளிகள். 50 பேர் மாதம் 2,50,000 வரை கொடுக்க முடிந்தவர்கள். மீதி 950 பேர் கஷ்டப்பட்டால் 10,000 கொடுப்பார்கள். மருந்தின் இறுதிநிலைச் செலவு 5,000.

விலையை 2,50,000 என்று வைத்தால் 50 பேர் வாங்குவார்கள். லாபம் 50 × 2,45,000, அதாவது 1,22,50,000. விலையை 10,000 என்று வைத்தால் 1,000 பேரும் வாங்குவார்கள், லாபம் 1,000 × 5,000, வெறும் 50,00,000. இருபது மடங்கு பேருக்கு விற்றும் லாபம் பாதிக்கும் குறைவு. ஆக நிறுவனம் உயர்ந்த விலையில்தான் நிற்கும், 100-க்கு 95 பேர் மருந்தில்லாமல் போவார்கள். டெட்வெயிட் இழப்பு 950 × 5,000, அதாவது 47,50,000.

வருமான ஏற்றத்தாழ்வு எவ்வளவு கூடுகிறதோ, அவ்வளவு முற்றுரிமையாளர் சிலருக்காக மட்டும் விலை வைப்பது லாபகரமாகிறது. பேயரின் விலைக்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பல நாடுகளில் விற்கும் நிறுவனம் ஒரு நாட்டில் விலையை இறக்கினால் மற்ற நாட்டு அரசுகளும் அதைக் காட்டிப் பேரம் பேசும் என்ற பயமும் இந்தத் தொழிலில் உண்டு. அதையும் இறுதிநிலை வருவாய்க் கணக்கில் எழுதலாம்: இங்கே ஒரு புதிய நோயாளியைச் சேர்ப்பதற்காக விலையைக் குறைக்க வேண்டிய "பழையவர்கள்" பட்டியலில் வெளிநாட்டு நோயாளிகளும் சேர்ந்துவிடுகிறார்கள்.

அந்த 50 பேரிடம் இரண்டரை லட்சமும் 950 பேரிடம் 10,000-மும் தனித்தனியாக வாங்க முடிந்தால்? லாபம் 1,70,00,000 ஆகும், டெட்வெயிட் இழப்பு பூஜ்யமாகும். எல்லாருக்கும் மருந்து கிடைக்கும். விலைப் பாகுபாடு என்று இதைச் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் 10,000-க்கு வாங்கியவர் அதை மறுபடி விற்காமல் தடுக்க வேண்டும், யார் பணக்காரர் என்று நிறுவனத்துக்குத் தெரியவும் வேண்டும். ஏழை நோயாளிகளுக்குச் சலுகைத் திட்டம் என்று மருந்து நிறுவனங்கள் நடத்துவது இந்த வழியில்தான். விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், மருத்துவர் பரிந்துரை என்று வடிகட்டிக்கொண்டே போகும்போது கடைசியில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி.

நெகிழ்ச்சியை வைத்துச் சரிபார்ப்பது

உயிர்காக்கும் மருந்துக்குத் தேவை நெகிழாது, அதனால் நிறுவனம் விலையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. முற்றுரிமையாளர் நிற்கும் இடத்தில் அது உண்மையாக இருக்க முடியாது. விலையை 1 சதவீதம் ஏற்றினால் விற்பனை 1 சதவீதத்துக்கும் குறைவாகவே இறங்குகிறது என்றால், ஏற்றினால் வருவாயும் கூடும், செலவும் குறையும். பிறகு ஏன் ஏற்றாமல் இருக்க வேண்டும்? ஏற்றிக்கொண்டே போவார், மக்கள் கைவிட்டு விலகத் தொடங்கும்வரை. ஆகவே முற்றுரிமை விலையில் தேவை நெகிழ்வாகத்தான் இருக்கும். காரணம் மருந்து வேண்டாம் என்பதில்லை, பணம் இல்லை என்பது.

நம் முதல் கணக்கில் 6,000 ரூபாயில் விலை 1 சதவீதம், அதாவது 60 ரூபாய் ஏறினால் 6 பேர் குறைவார்கள், அது 1.5 சதவீதம். நெகிழ்ச்சி 1.5. லாப விகிதம் 4,000-ஐ 6,000-ஆல் வகுத்தால் மூன்றில் இரண்டு. இது 1-ஐ 1.5-ஆல் வகுத்ததற்குச் சமம். தற்செயல் இல்லை, லெர்னர் விதி இதுதான், இதில் MC என்பது இறுதிநிலைச் செலவு, e என்பது நெகிழ்ச்சி:

```
(P - MC) / P = 1 / e
```

இதைப் பயன்படுத்தி உங்கள் விடையைச் சரிபார்க்கலாம், இரண்டு பக்கமும் ஒத்துவர வேண்டும். நிஜ விலையிலும் போட்டுப் பார்க்கலாம், ஆனால் ஜாக்கிரதை. 2,80,428-க்கு எதிராக 8,800-ஐச் செலவு என்று வைத்தால் லாப விகிதம் சுமார் 0.97 வரும். ஆனால் 8,800 என்பது நாட்கோ தன் லாபத்தையும் சேர்த்துச் சொன்ன விலை, இறுதிநிலைச் செலவு அதற்கும் கீழே. அதோடு பேயர் அப்போது முழு முற்றுரிமையாளராகவும் இல்லை. காப்புரிமை வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே சிப்லா நிறுவனம் சுமார் 30,000 ரூபாய்க்கு அதே மருந்தை விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே 0.97 என்பதைத் தோராயமான ஒரு குறிப்பாக எடுத்துக்கொள்ளலாம், துல்லியமான அளவீடாக இல்லை.

விலையைக் கட்டுப்படுத்தினால் என்ன ஆகும்

விலைக்கு உச்சவரம்பு வைத்தால் சரக்கு தட்டுப்பாடு வரும் என்று முதல் வருடப் பாடத்தில் படித்திருப்போம். போட்டிச் சந்தையில் அது சரி. முற்றுரிமையில் வரம்பு சரியான இடத்தில் இருந்தால் நேர் எதிராக நடக்கும், சரக்கு கூடும்.

முதல் மருந்துக்கே திரும்புவோம். அரசு 4,000-க்கு மேல் விற்கக் கூடாது என்கிறது. இப்போது 600 பேர் வரைக்கும் விலை 4,000-தான். புதியவரைச் சேர்க்கப் பழையவர்களுக்கு எதையும் குறைக்க வேண்டியதில்லை, ஏனென்றால் விலையை ஏற்கெனவே சட்டம் குறைத்துவிட்டது. ஆக அறுநூறாவது ஆள் வரை இறுதிநிலை வருவாய் 4,000, செலவு 2,000, விற்பது லாபம். அதைத் தாண்டினால் மறுபடி எல்லாருக்கும் இறக்க வேண்டும், இறுதிநிலை வருவாய் ஒரேயடியாகப் பூஜ்யத்துக்கும் கீழே விழுகிறது. 600-இல் நிறுவனம் நிற்கும். 200 பேர் கூடுதலாக மருந்து பெறுகிறார்கள், டெட்வெயிட் இழப்பு அரை × 200 × 2,000, வெறும் 2 லட்சம். விலைக்கும் செலவுக்கும் இடையிலான இடைவெளி பாதியானபோது இழப்பு கால்வாசியாகிவிட்டது. தேவை நேர்கோடாக இருந்தால் இழப்பு இடைவெளியின் வர்க்கத்தோடு போகும். அதனால் விலையைக் கொஞ்சம் இறக்கினாலே முதலில் பெரிய பலன் கிடைக்கும், கடைசிச் சில ரூபாய்களை இறக்குவதில் கிடைக்கும் பலன் சிறியது.

வரம்பு 2,000-க்குக் கீழே போனால் கதை மாறும். அடுத்த மாத்திரையைத் தயாரிப்பதே நஷ்டம் என்றாகிவிடும், மருந்து கடையிலிருந்து மறையும். அரசுக்கு இறுதிநிலைச் செலவு துல்லியமாகத் தெரியாது, நிறுவனம் அதைக் கூட்டித்தான் காட்டும். உச்சவரம்பின் நிஜமான சிக்கல் இங்கே இருக்கிறது.

காப்புரிமைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு வேறொரு வழியைக் கொடுக்கிறது, அதுதான் கட்டாய உரிமம். காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டுகள் ஆன பிறகு, பொதுமக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, அல்லது கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கவில்லை, அல்லது கண்டுபிடிப்பு இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை என்று காட்டி இன்னொருவர் தயாரிக்க அனுமதி கேட்கலாம். இதில் அரசு செலவைத் துருவ வேண்டியதில்லை. 8,800-க்குத் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்து நிற்பதே செலவு அதற்கு மேல் இல்லை என்பதற்குச் சாட்சி. காப்புரிமைக் கட்டுப்பாட்டு அதிகாரி பி.எச். குரியன் மூன்று காரணங்களும் பொருந்துகின்றன என்று முடிவு செய்து, 2012 மார்ச் 9 அன்று நாட்கோவுக்கு உரிமம் கொடுத்தார். இந்தியாவின் முதல் கட்டாய உரிமம் அது. சிப்லாவின் மருந்தையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று பேயர் வாதாடியது. அந்த சிப்லா மீதே வழக்குப் போட்டுக்கொண்டு அதன் விற்பனையைத் தன் பக்கம் காட்ட முடியாது என்று அந்த வாதம் நிராகரிக்கப்பட்டது. மேல்முறையீடு சென்னையில் தலைமையகம் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கு வந்தது. நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் தலைமையிலான வாரியம் 2013 மார்ச்சில் உரிமத்தை உறுதிசெய்தது, பேயருக்கான ராயல்டியை 6 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது, உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது.

7 சதவீத ராயல்டியை நம் கணக்கில் பாருங்கள். 8,800 ரூபாயில் சுமார் 616 ரூபாய் பேயருக்குப் போகும். விற்பனையோடு சேர்ந்து கூடும் பணம் என்பதால் இது நாட்கோவின் இறுதிநிலைச் செலவில் ஏறும், ஆகவே கொஞ்சம் டெட்வெயிட் இழப்பு மிஞ்சும். ஆனால் நாட்கோவின் லாபத்தை விட்டுப் பார்த்தால், இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய் இடைவெளிக்குப் பதிலாக 616 ரூபாய் இடைவெளி.

இந்த முக்கோணம் சொல்லாதவை

காப்புரிமையே வேண்டாம் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. மருந்து ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்ற இடத்திலிருந்துதான் நாம் தொடங்கினோம். 16 லட்சம் லாபம் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் 12 லட்சம் செலவழித்து யாரும் ஆராய்ச்சி செய்திருக்க மாட்டார்கள், 24 லட்சம் பயனும் இருந்திருக்காது. 20 ஆண்டுக் காலம் டெட்வெயிட் இழப்பைத் தாங்கிக்கொள்கிறோம், பதிலுக்கு மருந்து வருகிறது. ஆனால் இந்த வாதம் எல்லா இடத்திலும் ஒரே பலத்தோடு நிற்காது. ஒரு நாட்டில் வாங்குபவர்கள் 2 சதவீதம் மட்டும் என்றால், ஆராய்ச்சிக்கு அங்கிருந்து போகும் பணம் சொற்பம், அங்கே நடக்கும் இழப்போ பெரிது. அந்த இடத்தில் கட்டாய உரிமம் ஆராய்ச்சி ஊக்கத்தை எவ்வளவு குறைக்கும், எத்தனை பேரை மருந்துக்குள் கொண்டுவரும் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு குறை இன்னும் ஆழமானது. டெட்வெயிட் இழப்பை நாம் கொடுக்க முடிந்த பணத்தை வைத்து அளந்தோம். இரண்டாவது கணக்கில் விடுபட்ட 950 பேரின் இழப்பு தலைக்கு 5,000 ரூபாய் என்று வந்தது, ஏனென்றால் அவர்களால் 10,000-க்கு மேல் கொடுக்க முடியாது. அதே நோய், அதே சில மாத ஆயுள், ஆனால் பணக்காரருக்கு அது இரண்டரை லட்சம் என்று எழுதப்படுகிறது, கூலி வேலை செய்பவருக்குப் பத்தாயிரம். மாதம் 3,000 மட்டுமே கொடுக்க முடிந்தவர் ஒருவர் அந்த வரிசையில் இருந்தால், 5,000 ரூபாய்ச் செலவுக்கும் கீழே நிற்பதால் அவருடைய இழப்பு பூஜ்யம் என்றே கணக்கு காட்டும். நாட்கோவின் 8,800 ரூபாயும் எட்டாத குடும்பங்களின் நிலை அதுதான். அவர்களுக்கு மருந்து போய்ச் சேர முற்றுரிமையை உடைப்பது மட்டும் போதாது, அரசு மருத்துவமனையோ காப்பீட்டுத் திட்டமோ அந்தத் தொகையைக் கொடுத்தாக வேண்டும். கொடுப்பவர் அரசு என்றால், மாதம் ஒரு நோயாளிக்கு 2,80,428-ஆ 8,800-ஆ என்பதைப் பொறுத்து அதே பட்ஜெட்டில் சுமார் 32 மடங்கு பேருக்கு மருந்து வாங்க முடியும்.